கல்பாக்கம் முதல் ஸ்கேன் சென்டர் வரை: தணிக்கையில் சொன்ன குறை சரியாகிவிட்டதா? எப்படித் தெரிந்துகொள்வது?

மாமல்லபுரத்தைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் கல்பாக்கம் வரும். செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்தக் கடற்கரையில்தான் சென்னை அணுமின் நிலையம் இருக்கிறது. முதல் உலை 1984லும் இரண்டாவது உலை 1986லும் வணிக ரீதியிலான மின் உற்பத்தியைத் தொடங்கின.

இந்த நிலையத்தின் பாதுகாப்பைக் கண்காணிப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். சுருக்கமாக ஏஇஆர்பி. கண்காணிக்கும் அந்த வாரியத்தையே 2012ல் சிஏஜி தணிக்கை செய்தது. பல குறைகளைச் சொன்னது, பரிந்துரைகளும் கொடுத்தது.

சரி, அதுக்கு அப்புறம் என்ன ஆச்சு? தணிக்கை அறிக்கை வெளியாகும் நாளில் தலைப்புச் செய்தி வரும், டிவியில் விவாதம் நடக்கும். பிறகு அந்தப் பரிந்துரைகள் ஒவ்வொன்றும் எங்கே போகின்றன? 'முடிந்தது' என்று யார் முடிவு செய்கிறார்கள்? இந்த ஒரு வழக்கை வைத்தே பார்க்கலாம்.

2012ல் சிஏஜி என்ன சொன்னது?

2012 ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை அது. அதில் இருந்த இரண்டு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, எக்ஸ்ரே. நாட்டில் 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்கள் இயங்குவதாகவும், அவற்றில் 5,270 மட்டுமே ஏஇஆர்பியிடம் பதிவு பெற்றவை என்றும் தணிக்கை சொன்னது. மீதி 52,173, அதாவது சுமார் 91 சதவீதம், பதிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

இரண்டாவது, வாரியத்தின் சட்ட அந்தஸ்து. ஏஇஆர்பி 1983ல் ஒரு அரசாணை மூலம் உருவாக்கப்பட்டது. நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் எதுவும் அப்போது அதற்குப் பின்னால் இருக்கவில்லை. அது அறிக்கை கொடுத்தது அணுசக்தி ஆணையத்திடம். அந்த ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலாளரும் கூட. கல்பாக்கம் நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகமும் அதே துறையின் கீழ்தான் வருகிறது. கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் மேலே போய் ஒரே இடத்தில் சேர்கிறார்கள் என்பதுதான் சிக்கல். விதியை மீறினால் விதிக்கப்படும் அபராதத்தின் உச்சவரம்பு வெறும் 500 ரூபாய் என்பதையும் தணிக்கை சுட்டிக்காட்டியது.

இந்த இரண்டு குறைகளும் ஒரே அறிக்கையில் வந்தவை. ஆனால் இரண்டும் போன பாதை வேறு வேறு.

அறிக்கை தாக்கலான பிறகு என்ன நடக்கும்?

சிஏஜிக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. குறையைச் சொல்லலாம், பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். அதைத் துரத்திப் பிடிக்கும் வேலை நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவுக்கு உரியது.

அறிக்கை தாக்கலானதும் சம்பந்தப்பட்ட துறை ஒவ்வொரு பத்திக்கும் 'எடுத்த நடவடிக்கைக் குறிப்பு' தர வேண்டும். இதற்கான கெடு நான்கு மாதம். அந்தக் குறிப்பு நேராகக் குழுவுக்குப் போகாது. முதலில் தணிக்கை அலுவலகம் அதைச் சரிபார்க்கும். 'செய்துவிட்டோம் என்கிறீர்களே, ஆவணம் எங்கே?' என்று திருப்பிக் கேட்கும். எந்தப் பத்தி எந்தத் துறையில் நிலுவையில் நிற்கிறது என்பதைக் கண்காணிக்க நிதி அமைச்சகத்தில் தனிப் பிரிவும் இணையதளமும் இருக்கின்றன.

முக்கியமான சில விஷயங்களை மட்டும் பொதுக் கணக்குக் குழு விரிவான விசாரணைக்கு எடுக்கும். ஏஇஆர்பி விவகாரம் அப்படி எடுக்கப்பட்டது. முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான குழு அதிகாரிகளை அழைத்து விசாரித்து, 2013 டிசம்பரில் தனது 90வது அறிக்கையைக் கொடுத்தது.

குழுவின் அறிக்கைக்கும் அரசு பதில் சொல்ல வேண்டும். அதற்குக் கெடு ஆறு மாதம். பதில்கள் வந்த பிறகு குழு இன்னொரு அறிக்கை போடும். அதில்தான் விஷயமே இருக்கிறது. வந்த பதில்களைக் குழு நான்கு கூடைகளாகப் பிரிக்கும்:

- அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள்
- அரசின் விளக்கத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு வலியுறுத்த வேண்டாம் என்று குழு விட்டுவிட்டவை
- அரசின் பதிலைக் குழு ஏற்காமல், மறுபடியும் வலியுறுத்துபவை
- 'பரிசீலனையில் உள்ளது' போன்ற இடைக்காலப் பதில் மட்டுமே வந்தவை

சாதாரண வாசகர் கவனிக்க வேண்டியது முதல் கூடையையும் கடைசிக் கூடையையும்தான். 'ஏற்றுக்கொண்டோம்' என்றால் செய்து முடித்தோம் என்று அர்த்தம் இல்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்பது பதில் மாதிரி இருக்கும், ஆனால் பதில் கிடையாது. பல வருடங்கள் ஒரு குறை உயிரோடு இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டு கூடைகளுக்குள்தான்.

எக்ஸ்ரே: போர்ட்டல் வந்துவிட்டது, குறை போய்விட்டதா?

எக்ஸ்ரே விவகாரத்தில் ஏஇஆர்பி கண்ணுக்குத் தெரிகிற வேலைகளைச் செய்தது. காகித விண்ணப்பங்களுக்குப் பதிலாக eLORA என்ற இணையதளம் வந்தது. கருவியை வைத்திருப்பவர் அதிலேயே விண்ணப்பித்து உரிமம் வாங்க வேண்டும். தெற்கு மண்டலத்துக்கு என்று சென்னையில் ஒரு மண்டல ஒழுங்குமுறை மையமும் இயங்குகிறது. செங்கல்பட்டில் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டர் ஒவ்வொன்றுக்கும் மும்பையைப் பார்க்க வேண்டிய நிலை இதனால் மாறியது.

இதை வைத்து அந்தத் தணிக்கைப் பத்தியை மூடிவிடலாமா? ஒரு தணிக்கையாளர் இந்த இடத்தில்தான் நிதானிப்பார்.

தணிக்கை சொன்ன குறை 'இணையதளம் இல்லை' என்பது அல்ல. '52,173 நிலையங்கள் பதிவு இல்லாமல் ஓடுகின்றன' என்பதுதான் குறை. இணையதளம் என்பது மருந்து. நோய் குறைந்ததா என்று தனியாகத்தான் பார்க்க வேண்டும். மருந்து வாங்கிய பில்லைக் காட்டினால் காய்ச்சல் போய்விட்டது என்று ஆகிவிடாதே.

அப்போ எதைப் பார்க்கணும்? பதிவான நிலையங்களின் எண்ணிக்கை கூடியதா என்பது முதல் கேள்வி. ஆனால் அது மட்டும் போதாது. பதிவு 5,270ல் இருந்து பல மடங்கு ஆனாலும், நாட்டில் மொத்தம் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று தெரியாமல் சதவீதம் போட முடியாது. 2012ல் இருந்த 57,443 என்ற எண் அப்படியே நிற்கவில்லை. ஒவ்வொரு ஆண்டும் புதிய ஆய்வகங்களும் பல் மருத்துவமனைகளும் திறக்கின்றன. பழைய மொத்தத்தை வைத்துப் புதிய பதிவை வகுத்தால், நிலைமை உண்மையைவிட நன்றாக இருப்பது போலத் தெரியும்.

அடுத்த கேள்வி ஆய்வு. பதிவு செய்வது உரிமையாளர் கணினியில் நிரப்பும் படிவம். சுவரின் தடிமன், கதவின் ஈயத் தகடு, ஊழியர் அணியும் கதிர்வீச்சு அளவிடும் பேட்ஜ் இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பதுதான் ஆய்வு. ஆய்வுகளின் எண்ணிக்கையில் பெரிய பற்றாக்குறை இருப்பதையும் அதே 2012 அறிக்கை தனியாகச் சொல்லியிருந்தது. ஆகவே பதிவுப் பத்தியை மூடலாம், ஆய்வுப் பத்தியைத் திறந்தே வைக்கலாம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 'எக்ஸ்ரே பிரச்சனை தீர்ந்தது' என்று ஒரே வரியில் எழுதினால், தீராத பாதி அந்த வரிக்குள் ஒளிந்துகொள்ளும்.

பரிந்துரைகளைப் பின்தொடர்பவர்கள் ஒரு பத்தியை உடைத்து, ஒவ்வொரு குறைக்கும் தனி எண் கொடுப்பது இதனால்தான். ஒரு எண்ணுக்கு ஒரு குறை, ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு, ஒரு ஆதாரம்.

சட்ட அந்தஸ்து: ஒரு வரிப் பரிந்துரை, பத்தாண்டுகளைத் தாண்டிய பயணம்

இரண்டாவது குறையின் கதை வேறு மாதிரி. இதைச் சரிசெய்ய ஏஇஆர்பியால் முடியாது, அணுசக்தித் துறையால் தனியாகவும் முடியாது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், சிஏஜி அறிக்கை வருவதற்கு முன்பே மசோதா வந்துவிட்டது. ஜப்பானில் 2011 மார்ச் மாதம் ஃபுகுஷிமா விபத்து நடந்த பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் அணுசக்திப் பாதுகாப்பு ஒழுங்குமுறை ஆணைய மசோதா மக்களவையில் அறிமுகமானது. தணிக்கைக்குப் பதில் சொல்ல அரசின் கையில் நல்ல ஆதாரம் இருந்தது: 'மசோதா கொண்டுவந்துவிட்டோம்.'

ஆனால் அந்த மசோதா நிறைவேறவில்லை. 2014ல் 15வது மக்களவையின் காலம் முடிந்ததும் அதுவும் காலாவதியானது. 'நடவடிக்கை நடந்துகொண்டிருக்கிறது' என்ற பதிலை நம்பி அப்போதே ஃபைலை மூடியிருந்தால், நடவடிக்கை நின்றுபோனது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். பாதி வழியில் இருக்கும் வேலையை ஆதாரமாக வைத்து ஒரு குறையை மூடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

2015 மார்ச்சில் வெளியில் இருந்து இன்னொரு பார்வை வந்தது. சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழு, இந்தியாவின் அழைப்பின் பேரில் ஏஇஆர்பியை ஆய்வு செய்தது. வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே உறுதிசெய்ய வேண்டும் என்று அதுவும் பரிந்துரைத்தது. அதே முகமை 2022 ஜூன் மாதம் தொடர் ஆய்வுக்காகத் திரும்பி வந்தது. புதிதாகக் குறை தேடுவதைவிட, 2015ல் சொன்னதெல்லாம் என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் அந்தப் பயணத்தின் முக்கிய வேலை.

இந்த முகமையின் தொடர் ஆய்வில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரு பரிந்துரைக்கு மூன்று நிலைகள் கொடுக்கலாம். 'மூடப்பட்டது' என்றால் வேலை முடிந்தது, ஆதாரத்தைப் பார்த்தாகிவிட்டது. 'முன்னேற்றத்தின் அடிப்படையில் மூடப்பட்டது' என்றால் வேலை பெரும்பாலும் நடந்துவிட்டது, மீதியும் முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறது. 'திறந்திருக்கிறது' என்றால் இன்னும் வேலை பாக்கி. நடுவில் உள்ள நிலையைத் தனியாக எழுதுவதால், முழுசா முடிந்ததும் நம்பிக்கையில் மூடியதும் ஒன்றாகக் கலந்துவிடாது.

2022லும் ஏஇஆர்பிக்கு என்று சட்டம் வரவில்லை. கடைசியில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சாந்தி' சட்டம்தான் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் இடத்தில் வரும் புதிய சட்டம் அது. சிஏஜி அறிக்கையில் இருந்து கணக்கிட்டால் 13 ஆண்டுகள்.

இனிமேலாவது பத்தியை மூடலாமா? 'சட்ட அந்தஸ்து இல்லை' என்ற குறைக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. ஆனால் சட்டம் இருப்பது ஒன்று, சுதந்திரமாகச் செயல்படுவது இன்னொன்று. தலைவரையும் உறுப்பினர்களையும் யார் தேர்ந்தெடுக்கிறார்கள், பணம் யார் கையில் இருந்து வருகிறது, பெரிய மின் நிலையத்தை மூடச் சொல்லும்போது அந்த உத்தரவு நிற்கிறதா? இதெல்லாம் விதிகளிலும் நடைமுறையிலும்தான் தெரியும். ஒரு நல்ல பின்தொடர்தல் பட்டியலில் முதல் வரி மூடப்படும், இரண்டாவது வரி திறந்தே இருக்கும்.

கல்பாக்கத்தின் கரையில்: காகிதத்துக்கும் குழாய்க்கும் உள்ள தூரம்

இதுவரை பார்த்தவை டெல்லி, மும்பை ஃபைல்கள். இதே கேள்வி கல்பாக்கத்தில் எப்படி இருக்கும்?

2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது இரண்டாவது உலை இயங்கிக்கொண்டிருந்தது. முதல் உலை பெரிய பராமரிப்புக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. நிலையத்துக்குத் தேவையான கடல் நீர், கடலுக்குள் சுமார் அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இடத்தில் இருந்து கடலடிச் சுரங்கம் வழியாக வருகிறது. சுனாமியில் அந்தச் சுரங்கம் வழியாகவே நீர்மட்டம் ஏறி, பம்ப் ஹவுஸுக்குள் தண்ணீர் புகுந்தது. பம்புகள் நின்றன. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. பக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த வேக ஈனுலையின் அஸ்திவாரப் பள்ளத்திலும் கடல் நீர் நிரம்பியது. ஆய்வுகள் முடிந்து, ஏஇஆர்பி அனுமதியோடு 2005 ஜனவரி தொடக்கத்தில் இரண்டாவது உலை மறுபடி இயக்கப்பட்டது.

2011ல் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு, இயற்கைப் பேரிடர்களை நம் அணுமின் நிலையங்கள் தாங்குமா என்று ஆராய ஏஇஆர்பி ஒரு குழு போட்டது. அதன் பரிந்துரைகள் குறுகிய காலம், நடுத்தர காலம், நீண்ட காலம் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டன. குறுகிய கால வேலைக்கு உதாரணம், எல்லா மின்சாரமும் போனாலும் வெளியில் இருந்து தண்ணீர் செலுத்துவதற்கான இணைப்புக் குழாய்கள். கல்பாக்கம் மாதிரி கடற்கரை நிலையங்களில் கரைத் தடுப்பைப் பலப்படுத்துவதும் பட்டியலில் இருந்தது. பேரிடரையும் தாங்கி நிற்கும் அவசரகால உதவி மையம் கட்டுவது நீண்ட காலப் பிரிவில் வந்தது.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம்? எல்லாவற்றுக்கும் ஒரே கெடு கொடுத்தால், சுலபமானவை சீக்கிரம் முடிந்துவிடும். '90 சதவீதம் முடிந்தது' என்று அறிக்கை வரும். மீதி 10 சதவீதத்தில்தான் கட்டடம், புதிய கருவி, பெரிய செலவு எல்லாம் இருக்கும். எத்தனை முடிந்தது என்பதைவிட, எது முடியவில்லை என்பதுதான் சரியான கேள்வி.

இணைப்புக் குழாயையே எடுத்துக்கொள்வோம். வரைபடத்துக்கு ஒப்புதல் வந்தால் அது முதல் படி. குழாயைப் பொருத்தினால் இரண்டாவது படி. இந்த இடத்தில் 'வேலை முடிந்தது' என்று எழுதத் தோன்றும். ஆனால் தீயணைப்பு வண்டியின் ஹோஸ் அந்தக் குழாயின் வாயில் பொருந்துகிறதா? இரவு நேரத்தில், விளக்கு இல்லாமல், தண்ணீர் தேங்கிய வழியில் வண்டி அங்கே போய்ச் சேர முடியுமா? ஷிஃப்டில் இருப்பவருக்கு எந்த வால்வைத் திறக்க வேண்டும் என்று தெரியுமா? ஒத்திகை நடத்தி, எத்தனை நிமிடத்தில் தண்ணீர் உள்ளே போனது என்று அளந்தால்தான் குறை மூடியது என்று சொல்ல முடியும். மூடிய பிறகும் வேலை இருக்கிறது. உப்புக் காற்றில் வால்வு துருப்பிடிக்கும், பயிற்சி எடுத்தவர் மாற்றலாகிப் போவார். அதனால் இந்த மாதிரி வரிகள் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டதும் வழக்கமான ஆய்வுப் பட்டியலுக்கு மாற வேண்டும்.

'முடிந்தது' என்று சொன்னால் நம்பலாமா? 4 கேள்விகள்

சிஏஜி அறிக்கைகள் அதன் இணையதளத்திலும், பொதுக் கணக்குக் குழு அறிக்கைகள் மக்களவை இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏஇஆர்பியின் ஆண்டறிக்கைகளையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்த முறை ஒரு துறை 'தணிக்கைப் பரிந்துரைகளை நிறைவேற்றிவிட்டோம்' என்று சொன்னால், இந்த நான்கையும் கேட்டுப் பாருங்க.

1. தணிக்கை சொன்ன அதே குறைக்குத்தான் பதில் வந்திருக்கிறதா? பதிவில்லாத எக்ஸ்ரே பற்றிய கேள்விக்கு இணையதளம் பற்றி மட்டும் பதில் வந்தால், குறை இன்னும் திறந்தே இருக்கிறது.

2. ஆதாரம் முடிந்த வேலையா, நடக்கும் வேலையா? மசோதா, டெண்டர், குழு அமைப்பு, சுற்றறிக்கை எல்லாம் நடக்கும் வேலைகள். 2014ல் காலாவதியான மசோதாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. மூடியது யார்? குறைக்குப் பொறுப்பான துறையே 'மூடப்பட்டது' என்று எழுதிக்கொண்டால் அது தன் விடைத்தாளைத் தானே திருத்துவது மாதிரி. தணிக்கை அலுவலகமோ, குழுவோ, ஆய்வாளரோ பார்த்திருக்க வேண்டும்.

4. கெடு எத்தனை முறை தள்ளிப்போயிருக்கிறது? தேதி மாறுவதே தவறு இல்லை. ஆனால் பழைய தேதியை அழித்துவிட்டுப் புதிய தேதியை மட்டும் காட்டினால், தாமதம் வெளியே தெரியாது. முதல் கெடுவும் பட்டியலில் இருக்க வேண்டும்.

உங்கள் ஊர் ஸ்கேன் சென்டருக்கும் இது பொருந்தும். எக்ஸ்ரே அல்லது சிடி ஸ்கேன் எடுக்கப் போகும்போது, ஏஇஆர்பி உரிமம் இருக்கிறதா, அதன் காலம் முடியாமல் இருக்கிறதா என்று வரவேற்பில் கேளுங்கள். 'அப்ளை பண்ணிட்டோம்' என்று பதில் வந்தால், அது இன்னும் மூடாத பத்தி.